முடிவுகள்: மதுரை மாவட்டத்தில் எழுத்தறிவு, 2001 முதல் 2011 வரை

மதுரை மாவட்டத்தில் ஏழு வயது நிறைந்தவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களின் பங்கு, மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, 2001-இல் 77.82 சதவீதமாக இருந்தது. 2011-இல் அது 83.45 சதவீதம் ஆனது. உயர்வு 5.63 சதவீதப் புள்ளிகள். நூறு பேர் கொண்ட ஒரு தெருவில் 78 பேர் படிக்கத் தெரிந்தவர்களாக இருந்து, பத்தாண்டு கழித்து 83 பேர் ஆனார்கள் என்று இதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பகுதி முழுவதும் இரண்டு விகிதங்களைக் கழித்து வரும் எண்ணைச் 'சதவீதப் புள்ளி' என்றே எழுதியிருக்கிறோம். 'சதவீதம் கூடியது', 'சதவீதம் குறைந்தது' என்று எழுதிய இடங்களில் எந்த எண்ணை அடிப்படையாக வைத்துக் கணக்கிட்டோம் என்பதையும் அங்கேயே சொல்லியிருக்கிறோம். இந்த அறிக்கை அக்டோபர் 2 கிராம சபையில் வாய்விட்டு வாசிக்கப்படப் போகிறது. காதால் மட்டும் கேட்பவர் திரும்பப் புரட்டிப் பார்க்க முடியாது. அதனால்தான் இந்தக் கறார்.

| | 2001 (%) | 2011 (%) | மாற்றம் (சதவீதப் புள்ளி) |
|---|---|---|---|
| ஆண்கள் | 86.18 | 89.72 | +3.54 |
| பெண்கள் | 69.35 | 77.16 | +7.81 |
| மொத்தம் | 77.82 | 83.45 | +5.63 |

அட்டவணையில் முதலில் பார்க்க வேண்டியது பெண்களின் வரிசை. பெண்களின் எழுத்தறிவு 69.35-இலிருந்து 77.16 சதவீதமாக, அதாவது 7.81 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது. ஆண்களின் உயர்வு 3.54 புள்ளிகள். பெண்களின் உயர்வு அதைப்போல் இரு மடங்குக்கும் அதிகம். 2001-இன் நிலையை அடிப்படையாக வைத்துப் பார்த்தால் பெண்களின் விகிதம் 11.3 சதவீதமும் ஆண்களின் விகிதம் 4.1 சதவீதமும் வளர்ந்திருக்கின்றன. 7.81, 11.3 இரண்டும் ஒரே உயர்வைத்தான் சொல்கின்றன. ஒன்று கழித்து வந்தது, மற்றொன்று அந்தக் கழித்தலை 69.35-ஆல் வகுத்து வந்தது.

7.81-ஐ முழுமையாக்கி 'பெண்களின் எழுத்தறிவு 8 சதவீதம் உயர்ந்தது' என்று எழுதினால் சிறிய சுருக்கம்தானே என்று தோன்றும். ஆனால் 69.35 என்பது 8 சதவீதம் உயர்ந்தால் வருவது 74.9. உண்மையில் மாவட்டம் எட்டியது 77.16. அந்த ஒரு வாக்கியத்தால் நூறு பெண்களில் இரண்டு பேருக்கு மேல் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறார்கள். இந்த அறிக்கையிலிருந்து எண்களை எடுத்துப் பேசுபவர்கள் 'புள்ளி' என்ற சொல்லை விடாமல் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இனி, மறுபக்கம். எங்கள் இரவு வகுப்புகளைப் பொறுத்தவரை படித்தவர்களின் பங்கைவிட இன்னும் படிக்காதவர்களின் பங்குதான் முக்கியம். எழுதப் படிக்கத் தெரியாத ஆண்களின் பங்கு 13.82-இலிருந்து 10.28 சதவீதமாகவும், பெண்களின் பங்கு 30.65-இலிருந்து 22.84 சதவீதமாகவும் குறைந்தது. புள்ளிக் கணக்கில் இங்கே புதிதாக எதுவும் இல்லை: ஆண்களில் 3.54 புள்ளிகள், பெண்களில் 7.81 புள்ளிகள். மேலே ஏறியது அப்படியே இங்கே இறங்கியிருக்கிறது.

சதவீத மாற்றமாகப் பார்த்தால் படம் வேறு. படிக்காத ஆண்களின் பங்கு, 2001-இல் இருந்த 13.82-ஐ அடிப்படையாகக் கொண்டால், 25.6 சதவீதம் குறைந்திருக்கிறது. பெண்களின் பங்கு 30.65-ஐ அடிப்படையாகக் கொண்டு 25.5 சதவீதம் குறைந்திருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. அதாவது இரு பாலரிலும் படிக்காதவர்களின் பங்கில் கால்வாசி கரைந்திருக்கிறது, அவ்வளவுதான். பெண்களிடம் புள்ளிகள் அதிகமாகக் குறைந்ததற்குக் காரணம், குறைய வேண்டிய பங்கு அவர்களிடம் அதிகமாக இருந்தது. அவர்களுடைய வேகம் கூடுதல் என்று இதிலிருந்து சொல்ல முடியாது.

இதை நாங்கள் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆண் பெண் இடைவெளி 2001-இல் 16.83 புள்ளிகள், 2011-இல் 12.56 புள்ளிகள். 4.27 புள்ளிகள் சுருங்கியது உண்மை, மகிழ்ச்சியானதும்கூட. ஆனால் 2001-இல் ஒரு பெண் படிக்காதவராக இருக்கும் வாய்ப்பு ஆணைப்போல் 2.2 மடங்கு. 2011-இலும் அதே 2.2 மடங்கு. 'இடைவெளி சுருங்கியது' என்று மட்டும் எழுதி நிறுத்தியிருந்தால், பெண்களுக்கான வகுப்புகளைக் குறைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வந்துவிடும். 2011-இல் பெண்கள் எட்டிய 77.16 சதவீதம், பத்தாண்டுக்கு முன் ஆண்கள் இருந்த 86.18 சதவீதத்தைவிட இன்னும் 9.02 புள்ளிகள் கீழே.

மாநிலத்தோடு ஒப்பிட்டாலும் இதே கவனம் தேவை. தமிழ்நாட்டில் பெண்களின் எழுத்தறிவு 64.43-இலிருந்து 73.44 சதவீதமாக, 9.01 புள்ளிகள் உயர்ந்தது. மதுரையின் 7.81-ஐவிட இது அதிகம். அதனால் மாநிலச் சராசரியைவிட மதுரைப் பெண்களுக்கு இருந்த முன்னிலை 4.92 புள்ளிகளிலிருந்து 3.72 புள்ளிகளாகக் குறைந்தது. மதுரை பின்தங்கிவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. மாநிலத்தில் படிக்காத பெண்களின் பங்கு 35.57-இலிருந்து 26.56 சதவீதமானது, அந்த 35.57-ஐ அடிப்படையாகக் கொண்டால் 25.3 சதவீதக் குறைவு. மதுரையிலும் குறைந்தது கிட்டத்தட்ட அதே கால்வாசிதான்.

'கால்வாசி குறைந்தது' என்பது பங்கைப் பற்றிய பேச்சு, ஆட்களின் எண்ணிக்கையைப் பற்றியது அல்ல. இதே பத்தாண்டில் மாவட்ட மக்கள் தொகை 25,78,201-இலிருந்து 30,38,252 ஆக, 17.8 சதவீதம் பெருகியது. மக்கள் கூடியதால், படிக்காதவர்களின் தலை எண்ணிக்கை கால்வாசி அளவுக்குக் குறைந்திருக்காது. மாவட்டச் சராசரியை மேலூருக்கோ உசிலம்பட்டிக்கோ சேடபட்டிக்கோ அப்படியே பொருத்தவும் கூடாது. நகரமும் கிராமமும் கலந்து வந்த எண் அது.

கணக்கு முறை பற்றி ஒரு குறிப்பு. சதவீதப் புள்ளிகளை இரண்டு தசம இடம் வரையும், சதவீத மாற்றங்களை ஒரு தசம இடம் வரையும் தந்திருக்கிறோம். 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் மாவட்ட அளவில் முழுக் கணக்கெடுப்பு எண்களாக 2011-க்குப் பிந்தையவை இல்லை. அதனால் அடுத்த பகுதியில் வரும் வகுப்புத் திட்டத்துக்கு, பெண்களில் 22.84, ஆண்களில் 10.28 என்ற 2011-இன் நிலைகளையே தொடக்கமாக வைத்திருக்கிறோம். பத்தாண்டு மாற்றத்தை முன்னோக்கி நீட்டி இன்றைய விகிதத்தை நாங்களாக ஊகிக்கவில்லை. வகுப்பு தொடங்கும் ஒவ்வொரு ஊரிலும் வீடு வீடாக எடுக்கும் கணக்கு அந்த இடத்தை நிரப்பும்.