ஏழாம் வகுப்பு: இரண்டாம் பருவ எழுத்துக் கோப்பு
(கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளவும்)

பிள்ளைகளே,

காலாண்டு விடுமுறை முடிந்து வந்திருக்கிறீர்கள். அரையாண்டுத் தேர்வு வரைக்கும் தமிழ் வகுப்பில் நீங்கள் எழுதும் எதையும் கிழித்துப் போடக் கூடாது. எல்லாம் இந்தக் கோப்புக்குள் வர வேண்டும். அடித்தல் திருத்தலோடு இருக்கும் தாள், பாதியில் நின்றுபோன தாள், 'இது நல்லாவே இல்லை டீச்சர்' என்று நீங்கள் சொல்லும் தாள் எல்லாம்தான். கடைசியாக எழுதிய ஃபேர் காப்பியை மட்டும் பார்த்தால் நீங்கள் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் இரண்டு மாதத்தில் மறந்துவிடும்.

தேவையானவை: ஒரு அட்டை ஃபைல், டேக் நூல், கோடு போட்ட தாள்கள். ஃபைல் வாங்க முடியாதவர்கள் என்னிடம் சொல்லுங்கள், பள்ளியில் இருக்கிறது. கோப்பு வகுப்பறை அலமாரியில்தான் இருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோகும் நாளை நான் சொல்கிறேன்.

என்ன எழுதப் போகிறோம்

ஐந்து எழுத்துகள். முதலாவது, உங்கள் தெருவைப் பற்றியது. இரண்டாவது, ஊராட்சி மன்றத் தலைவருக்கு ஒரு மனு. தெருவிளக்கு, குடிநீர், பேருந்து நிற்காமல் போவது என்று உண்மையிலேயே உங்களுக்கு இருக்கும் குறையை எழுதுங்கள். மூன்றாவது, வேலை செய்யும் ஒருவரிடம் பேசி எழுதுவது. நம் வகுப்பில் பல வீடுகளில் விடிவதற்கு முன்பே எழுந்து மல்லிகை மொட்டுப் பறிக்கப் போகிறார்கள். அந்தப் பூ மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போகும் வரை என்னவெல்லாம் நடக்கிறது என்று அம்மாவிடமோ அப்பத்தாவிடமோ கேட்டாலே ஒரு கட்டுரை கிடைத்துவிடும். நான்காவது, நீங்கள் பார்த்த ஒரு இடம். திருமலை நாயக்கர் மகால், கீழடி அருங்காட்சியகம், அழகர்கோவில் என எதுவாகவும் இருக்கலாம். இதில் தகவல் சரியாக இருக்க வேண்டும். மேலூர்ப் பக்கத்து வயல்களுக்கு வரும் பெரியாற்றுத் தண்ணீரைப் பற்றி எழுதுகிறவர்கள், முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிந்தது 1895-இல் என்று எழுதினால் மட்டும் போதாது. அந்தத் தண்ணீர் எந்த வழியாக உங்கள் வயலுக்கு வருகிறது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். ஐந்தாவது உங்கள் விருப்பம். கதை, கவிதை, கபடிப் போட்டி, எதுவும் சரி.

எப்படி எழுத வேண்டும்

ஒவ்வொன்றையும் குறைந்தது இரண்டு முறை எழுத வேண்டும். தாளின் மேலே தேதியும், 'முதல் எழுத்து', 'இரண்டாம் எழுத்து' என்ற குறிப்பும் இருக்கட்டும். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுங்கள், பின்பக்கம் வேண்டாம். வேண்டாத வரியை ஒரே கோட்டால் அடியுங்கள். அடித்த வரி படிக்கத் தெரிய வேண்டும். ஒயிட்னர் வேண்டாம்.

முதல் எழுத்தில் நான் சிவப்பு மை தொட மாட்டேன். ஓரத்தில் பென்சிலால் கேள்வி மட்டும் எழுதுவேன். பக்கத்தில் உட்காரும் தோழனும் தோழியும் அதே போலத்தான். 'நல்லா இருக்கு' என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் எழுதியவருக்கு ஒன்றும் கிடைக்காது. எந்த வரி மனதில் நின்றது, எங்கே புரியவில்லை, இன்னும் எதைத் தெரிந்துகொள்ள ஆசை என்று மூன்றும் சொல்ல வேண்டும்.

எப்படி மாறும் என்று காட்ட, நானே எழுதிய மாதிரி இது.

முதல் எழுத்து: "எங்கள் ஊர் மிகவும் அழகான ஊர். இயற்கை எழில் கொஞ்சும் ஊர். எங்கள் தெருவில் அனைவரும் ஒற்றுமையாக வாழ்கிறோம்."

ஓரத்தில் கேள்வி: இந்த வரியை வேறு ஊர்க்காரர் அவர் ஊருக்கு எழுத முடியுமா? முடியும் என்றால் உன் ஊர் எங்கே?

இரண்டாம் எழுத்து: "எங்கள் தெரு முனையில் அடிகுழாய் இருக்கிறது. அதில் தண்ணீர் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. ஆனாலும் சாயங்காலம் பெண்கள் அங்கேதான் உட்கார்ந்து பூக் கட்டுகிறார்கள். யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்பது அங்கேதான் முதலில் தெரியும்."

'ஒற்றுமை' என்ற சொல் இரண்டாவதில் இல்லை. ஆனால் ஒற்றுமை எதில் இருக்கிறது என்று தெரிகிறது. பேச்சு வரும் இடத்தில் நம் ஊர்ப் பேச்சையே எழுதலாம். அப்பத்தா 'என்னத்தா இப்புடி நனைஞ்சுட்டு வந்திருக்க' என்று கேட்டால் அதை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதுங்கள்.

நினைவுத் தாள்

ஒவ்வொரு எழுத்து முடிந்ததும் அரைப் பக்கம், வகுப்பிலேயே. எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன், எது இன்னும் சரியாக வரவில்லை என்பதுதான் அதில் இருக்க வேண்டும். 'கஷ்டப்பட்டு எழுதினேன், அடுத்த முறை நன்றாக எழுதுவேன்' என்று எழுதித் தந்தால் திருப்பித் தருவேன். அது எல்லாருக்கும் பொருந்தும், உங்களைப் பற்றி எதுவும் சொல்லாது. 'கடைசி இரண்டு வரியை அடித்தேன், ஏனென்றால் அறிவுரை மாதிரி இருந்தது' என்பது ஒரே வரிதான். அது போதும்.

எழுத்துப்பிழைக்குக் கோப்பின் கடைசியில் ஒரு தனித் தாள் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப வரும் பிழைகளை மட்டும் அதில் எழுதுங்கள். ஒருவருக்கு ர, ற தகராறு, இன்னொருவருக்கு ஒற்று மிகும் இடம். ஃபேர் காப்பி எழுதும்முன் அதைப் பார்த்தால் போதும்.

தேர்ந்தெடுப்பது

டிசம்பர் முதல் வாரத்தில் கோப்பு முழுவதையும் நீங்களே முதலிலிருந்து படிப்பீர்கள். அதற்கு ஒரு பாடவேளை முழுக்கத் தருவேன். பிறகு இரண்டு எழுத்துகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று, உங்களுடையதில் மிகச் சிறந்தது. மற்றொன்று, முதல் எழுத்திலிருந்து அதிகம் மாறி வளர்ந்தது. இரண்டும் ஒன்றாகவே இருந்தால் அடுத்து நல்லது எதுவோ அதை எடுங்கள். கையெழுத்து அழகாக இருப்பதாலோ, நீளமாக இருப்பதாலோ, நான் பாராட்டினேன் என்பதாலோ எடுக்காதீர்கள். என் கருத்தோடு ஒத்துப்போகாத தேர்வுக்கு மதிப்பெண் குறையாது. காரணம் சொல்லாத தேர்வுக்குக் குறையும்.

தேர்ந்தெடுத்ததும் 'என் கோப்பைத் திறப்பவருக்கு' என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி முன்னால் வையுங்கள். ஏன் இந்த இரண்டு, எந்த வரியை முதலில் படிக்க வேண்டும், எந்த எழுத்தை ஏன் விட்டுவிட்டேன் என்று அதில் சொல்லுங்கள். நான் முதலில் படிப்பது அந்தக் கடிதத்தைத்தான்.

வளரறி மதிப்பீட்டு (அ) செயல்பாடுகளில் ஒன்றாக இதற்கு 10 மதிப்பெண். இரண்டு முறை எழுதிய ஐந்து எழுத்துகளுக்கு 4, நினைவுத் தாள்களுக்கு 3, தேர்வுக்கும் கடிதத்துக்கும் 3. பிழைக்கு இதில் மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். நவம்பர் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை கோப்பை வீட்டுக்குத் தருவேன். திருத்தித் தர வேண்டாம். பிள்ளை படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்குப் பிடித்த வரி எது என்று சொல்லுங்கள், பிள்ளை அதன் கீழே கோடு போடட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இதைச் செய்யலாம். அவர்கள் கேட்டுச் சொல்வது எங்களுக்கு மிகவும் வேண்டியது. திங்கட்கிழமை கோப்பு பள்ளிக்கு வந்துவிட வேண்டும்.

நாளைக்கு ஃபைலோடு வாருங்கள். முதல் எழுத்து தெருவைப் பற்றியது என்பதால், இன்று வீட்டுக்குப் போகும்போது உங்கள் தெருவைக் கொஞ்சம் மெதுவாக நடந்து பாருங்கள்.

உங்கள் தமிழ் டீச்சர்