வெண்படக் கணக்குகள்: நாகர்கோவில் மாலை வகுப்பின் பயிற்சித்தாள்

ரயில்வே என்.டி.பி.சி. தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு. அங்கே ஒரு தவறான விடைக்கு 1/3 மதிப்பெண் போய்விடும். அதனால் ஊகித்துக் குறிக்காதீர்கள், படம் வரைந்து எண்ணுங்கள். ஊர்கள் நம்முடையவை, எண்கள் பயிற்சிக்காக அமைத்தவை.

1. தோவாளையில் 80 குடும்பங்களில் 45 மல்லியும் 38 பிச்சியும் பயிரிடுகின்றன. இரண்டையும் பயிரிடுவோர் 17. இரண்டுமே பயிரிடாத குடும்பங்கள் எத்தனை?
(அ) 3 (ஆ) 14 (இ) 17 (ஈ) 66

விடை (ஆ). 45 + 38 − 17 = 66; 80 − 66 = 14. 17 குடும்பங்கள் இரு வட்டங்களிலும் எண்ணப்பட்டுவிட்டன, அதனால் ஒரு முறை கழிக்கிறோம்.

2. சுற்றுலா வந்த 120 பேரில் மாத்தூர் தொட்டிப்பாலம் பார்த்தவர்கள் 62, பத்மநாபபுரம் அரண்மனை 58, திற்பரப்பு அருவி 70. பாலமும் அரண்மனையும் 28, அரண்மனையும் அருவியும் 30, பாலமும் அருவியும் 34. மூன்றையும் பார்த்தவர்கள் 16. சரியாக இரண்டு இடங்களை மட்டும் பார்த்தவர்கள் எத்தனை பேர்?
(அ) 92 (ஆ) 76 (இ) 60 (ஈ) 44

போன வாரம் பாதி வகுப்பு 76 என்று எழுதியது. 28 + 30 + 34 = 92 வரை சரி, ஆனால் அந்த 16 பேர் மூன்று கூட்டத்திலும் ஒளிந்திருக்கிறார்கள். ஒரு முறை கழித்தால் போதாது. எப்போதும் நடுவிலிருந்து தொடங்குங்கள்: நடுவில் 16 எழுதுங்கள். பிறகு 28 − 16 = 12, 30 − 16 = 14, 34 − 16 = 18. கூட்டினால் 44, விடை (ஈ). கேள்வியில் 'குறைந்தது இரண்டு' என்றிருந்தால் நடுவும் சேர்ந்து 60 ஆகும். இரண்டு விடைகளையும் பட்டியலில் வைத்திருப்பது உங்கள் வாசிப்பைச் சோதிக்கத்தான்.

அதே படத்தில் எதையும் பார்க்காதவர்கள்? ஓரிடம் மட்டும் பார்த்தவர்கள் பாலத்தில் 62 − (12 + 18 + 16) = 16, அரண்மனையில் 16, அருவியில் 22. மொத்தம் 54 + 44 + 16 = 114. மிச்சம் 6.

3. வட்டம் ரப்பர் பால்வெட்டு தெரிந்தவர்கள், முக்கோணம் தேனீ வளர்ப்போர், சதுரம் வாழை பயிரிடுவோர். வட்டத்தில் மட்டும் 9, வட்டமும் முக்கோணமும் மட்டும் 5, வட்டமும் சதுரமும் மட்டும் 6, மூன்றிலும் 3. பால்வெட்டு தெரிந்து, தேனீ வளர்க்காதவர்கள் எத்தனை பேர்?
(அ) 9 (ஆ) 14 (இ) 15 (ஈ) 23

விடை (இ). 9 + 6. வாழையைப் பற்றிக் கேள்வி எதுவும் சொல்லவில்லை. சொல்லாததை நாமாக விலக்கினால் 9 என்று சறுக்குவோம்.

4. வீட்டுக்கு: குளச்சலில் 90 மீனவர்களில் நெத்திலி பிடித்தவர்கள் 52, சாளை பிடித்தவர்கள் 49, இரண்டும் கிடைக்காதவர்கள் 8. இரண்டும் பிடித்தவர்கள் எத்தனை பேர்?
(அ) 8 (ஆ) 11 (இ) 19 (ஈ) 27

விடையோடு படத்தையும் வரைந்து வாருங்கள்; படமில்லாத தாளை நான் திருத்த மாட்டேன்.