ஒடுக்கு விழுந்த படி

எங்கள் வீட்டுப் புத்தக அலமாரியின் மேல்தட்டில், வருகிறவர்கள் பூச்சாடி என்று நினைத்துக்கொள்ளும்படி ஒரு பித்தளைப் படி நிற்கிறது. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே இருந்த எங்கள் வீட்டை விற்றபோது, மற்றவர்கள் வெண்கலப் பானையையும் ஊஞ்சல் பலகையையும் எடுத்துக்கொள்ள, நான் கேட்டு வாங்கிவந்தது இது ஒன்றைத்தான். வாய்விளிம்புக்குக் கீழே புள்ளிபுள்ளியாகப் பொறித்த அப்பாயியின் பெயரில் பாதி எழுத்துகள் புளி போட்டுத் தேய்த்தே மறைந்துவிட்டன. பெயருக்கு நேர் எதிர்ப்பக்கத்தில், உள்ளங்கை அகலத்தில் ஓர் ஒடுக்கு இருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்பே கிணற்றடிக் கருங்கல்லில் விழுந்து ஏற்பட்டது என்பார்கள்.

1972ஆம் ஆண்டு, எனக்கு ஒன்பது வயது. கடைத்தெருவில் லிட்டர் வந்து பத்தாண்டு ஆகியிருந்தாலும் எங்கள் வீட்டில் படிதான் அளந்தது. நடவுக்கு வந்த பெண்கள் கூலி நெல் வாங்கக் கொல்லைப்புறம் வந்து நிற்பார்கள். திண்ணைப் பக்கம் அவர்கள் வந்து நான் பார்த்ததில்லை. அப்பாயி நெற்குவியலில் படியை அமிழ்த்தி, நிமிர்த்தி, இடது கையால் தலைவழித்து, முதல் படிக்கு ஒன்று என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று சொல்லி, பிறகு இரண்டு, மூன்று என எண்ணுவார். எதிரே நிற்பவள் விரித்துப் பிடித்த முந்தானையில் படியின் விளிம்பு பட்டுவிடாத உயரத்திலிருந்து நெல் விழும். அந்த உயரத்தினால் நாலைந்து மணிகள் எப்போதும் தரையில் சிதறும்.

ஒருமுறை, இரண்டு நாள் நடவுக்கு நான்கு படி வாங்கிய ஒருத்தி, முந்தானையை முடிச்சுப் போடாமலே நின்றாள். “அம்மா, படி ஒடுங்கியிருக்கே, ஒரு பிடி சேர்த்துப் போடுங்கம்மா” என்றாள். சண்டைக்குரல் இல்லை, மழை வருமா என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். அப்பாயி படியைத் திருப்பிப் பார்க்கவுமில்லை. “அளந்தது அளந்ததுதான், போ” என்றார்.

அப்பாயி கஞ்சத்தனம் பிடித்தவர் அல்லர். பக்கத்து வீட்டார் அவசரத்துக்கு அரிசி கேட்டு வந்தால் இதே படியில் கும்பாரமாகக் குவித்து, வழியில் சிந்தாமலிருக்க மேலே கைவைத்துப் பொத்தி அனுப்புவார். அப்போது ஒடுக்கு அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் இன்று நினைக்கிறேன். குத்தகை நெல்லை அளந்து வாங்குவதற்கோ இரும்புப் பட்டை போட்ட மர மரக்கால் தனியாக இருந்தது. மரத்தில் ஒடுக்கு விழாது.

கல்லூரியில் படிக்கும்போதுதான், எங்கள் ஊரிலிருந்து வெகுதூரத்தில் இல்லாத கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து இறந்ததைப் படித்தேன். அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்டதும் செங்கொடி சங்கத்தை விட மறுத்ததும் அந்தப் பகைக்குப் பின்னால் இருந்தன. அதை அடுத்து 1969இல் கீழத்தஞ்சைக்கென்று நியாயக் கூலிச் சட்டமும் வந்திருக்கிறது. ஆக, எங்கள் கொல்லையில் அந்தப் பெண் ஒரு பிடி கேட்டது அந்தத் தீக்கு நான்கே ஆண்டுகளுக்குப் பிறகு. எங்கள் வீட்டில் அந்த ஊரின் பெயரை யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை.

சென்ற மாதம் அந்த ஒடுக்கை அளந்து பார்த்தேன். பிசைந்த கோதுமை மாவைப் பள்ளத்தில் அப்பி, படியின் வளைவோடு சமமாக வழித்து, அந்த மாவை எடுத்துத் தண்ணீர் ஊற்றிய அளவுக் குவளைக்குள் போட்டதில் தண்ணீர் 40 மில்லி உயர்ந்தது. ஒரு படிக்கு 40 என்றால் நான்கு படிக்கு 160. எங்கள் பக்கத்துக் கணக்கில் கிட்டத்தட்ட ஓர் ஆழாக்கு. அவள் கேட்டதோ ஒரு பிடி. உரிமையானதைவிடக் குறைத்துத்தான் கேட்டிருக்கிறாள்.

பாத்திரக் கடைக்காரர், “ஒடுக்கு எடுத்து மெருகு போட்டால் புதுசு மாதிரி ஆயிடும் சார்” என்றார். பெயரையும் மறுபடி வெட்டித் தருவதாகச் சொன்னார். வேண்டாமென்று அப்படியே திரும்பக் கொண்டுவந்து அலமாரியில், ஒடுக்கு தெரியும்படி வைத்தேன். என் மனைவி தூசி தட்டும்போதெல்லாம் அதைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்துவிடுகிறாள். பார்வைக்கு நன்றாக இல்லையாம்.

அன்றைக்கு அந்தப் பெண் பதில் எதுவும் சொல்லவில்லை. முந்தானையை முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, குனிந்து, தரையில் சிதறியிருந்த நெல்லை ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி எடுத்தாள். அவள் பொறுக்கி முடிக்கும்வரை அப்பாயி படியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.