சிங்கப்பூரில் 2024 டிசம்பரில் எம்ஆர்டி கட்டணம் 10 காசு கூடியது: அதிகம் கொடுத்தது யார்?

2024 டிசம்பர் 28, சனிக்கிழமை முதல், ரயிலிலும் பேருந்திலும் அட்டையைத் தட்டிச் செல்லும் பெரியவர்கள் ஒவ்வொரு பயணத்துக்கும் 10 காசு கூடுதலாகக் கொடுத்தார்கள். மாணவர், மூத்தோர், உடற்குறையுள்ளோர், வேலைநலன் போக்குவரத்துச் சலுகை அட்டை வைத்திருக்கும் குறைந்த வருமான ஊழியர் ஆகியோருக்கு ஏற்றம் 4 காசைத் தாண்டவில்லை. பொதுப் போக்குவரத்து மன்றம் செப்டம்பர் 9ஆம் தேதியே இதை அறிவித்துவிட்டது. ஒட்டுமொத்தமாகக் கட்டணம் 6 விழுக்காடு உயர்ந்தது என்பது மன்றத்தின் கணக்கு.

அந்த 6 விழுக்காடு ஒரு சராசரிதான். உங்கள் பையிலிருந்து எவ்வளவு போனது என்பது நீங்கள் எவ்வளவு தூரம் போனீர்கள் என்பதைப் பொறுத்தது. அந்த முறை பெரியவர் கட்டணத்தில் எல்லாத் தூரத்துக்கும் ஒரே 10 காசுதான் சேர்க்கப்பட்டது. இரண்டு நிலையம் தள்ளி இறங்குபவருக்கும் 10 காசு, தீவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகிறவருக்கும் 10 காசு.

சில பயணங்களைப் பார்ப்போம். எல்லாமே 2024 டிசம்பர் ஏற்றத்தின்போது இருந்த பெரியவர் அட்டைக் கட்டணம்.

பூன் கெங்கில் ஏறி லிட்டில் இந்தியாவில் இறங்கி, தேக்கா சந்தையில் மீனும் காய்கறியும் வாங்கப் போகிறவர். தூரம் 3.2 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அதுவரை $1.09 கொடுத்தவர் அதன் பிறகு $1.19 கொடுத்தார். ஏற்றம் 9.2 விழுக்காடு.

கோவனிலிருந்து அதே லிட்டில் இந்தியாவுக்கு வருபவருக்கு $1.56 என்பது $1.66 ஆனது. இது 6.4 விழுக்காடு, சராசரிக்குப் பக்கத்தில் வருகிறது.

சுமார் 20 கிலோமீட்டர் பயணம் என்றால், அதாவது உட்லண்ட்ஸ் போன்ற வடக்குப் பகுதியிலிருந்து நகருக்குள் வேலைக்கு வருவது போன்ற தூரம், $2.07லிருந்து $2.17. இங்கே 5 விழுக்காடுகூட இல்லை.

கடைசியாக, பாசிர் ரிஸ் முதல் துவாஸ் லிங்க் வரை கிழக்கு மேற்குத் தடத்தை முழுவதுமாக அளப்பவர். 40.2 கிலோமீட்டரைத் தாண்டிய எல்லாப் பயணத்துக்கும் ஒரே உச்சக் கட்டணம்தான். அது $2.37லிருந்து $2.47 ஆனது. 4.2 விழுக்காடு.

ஆக, காசு எல்லாருக்கும் சமம். விழுக்காட்டில் பார்த்தால் குறைந்த தூரம் போகிறவர்தான் கூடுதலாகக் கொடுத்தார். அதற்கு முந்தைய வருடக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 2023 டிசம்பர் ஏற்றத்துக்கு முன்பு மிகக் குறைந்த கட்டணம் 99 காசு, உச்சக் கட்டணம் $2.26. இரண்டு ஏற்றங்களுக்குப் பிறகு அவை $1.19, $2.47 ஆகின. குறைந்த தூரத்துக்கு 20 விழுக்காடு, நெடுந்தூரத்துக்கு 9 விழுக்காட்டுக்குச் சற்று மேல். வீட்டுக்குப் பக்கத்தில் வேலை தேடிக்கொண்டவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். மறுபக்கமும் இருக்கிறது: தொலைவில் குடியிருப்பவர் ஏற்கனவே ஒரு பயணத்துக்கு $2க்கு மேல் கொடுக்கிறார், அவர் மேல் மேலும் சுமை ஏற்றாமல் விட்டது நியாயம்தான். இரண்டில் எது சரி என்று கேட்டால், சந்தைக்கும் மருந்தகத்துக்கும் நாலைந்து தடவை போய்வருபவர்களை நினைத்து, முதல் கட்டணப் படியிலாவது ஓரிரு காசு குறைத்திருக்கலாம் என்பேன்.

மாதக் கணக்கு போட்டால் தொகை எப்படி வருகிறது? மாதம் 22 வேலை நாள், போக வர 44 பயணம். பெரியவர் ஒருவருக்குக் கூடுதல் செலவு $4.40. 4 காசு ஏற்றம் உள்ள மாணவருக்கு அதே 44 பயணத்துக்கு $1.76. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள், ஒரு பிள்ளை உயர்நிலைப் பள்ளியில், வீட்டிலிருக்கும் பாட்டி மாதம் 20 பயணம் செய்கிறார் என்றால் குடும்பத்துக்கு மொத்தம் $11.36. மலைக்கவைக்கும் தொகை இல்லை. ஆனால் காப்பிக் கடை, மின்சாரக் கட்டணம், தண்ணீர்க் கட்டணம் என்று எல்லாம் கூடிக்கொண்டே போன ஆண்டில் இதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டியிருந்தது.

சலுகை பற்றிப் பேசும்போது நம்மில் பலர் மறந்துவிடும் ஒரு கூட்டம் உண்டு. கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும், வேலை அனுமதிச் சீட்டில் வந்திருக்கும் நம் ஊர்க்காரர்கள். வேலைநலன் சலுகை சிங்கப்பூரர்களுக்கானது. ஆகவே இவர்கள் சம்பளம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் முழுப் பெரியவர் கட்டணம்தான். வாரம் முழுக்க நிறுவனத்தின் லாரியிலோ பேருந்திலோ வேலைக்குப் போனாலும், ஞாயிற்றுக்கிழமை தங்குவிடுதியிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு வந்து போக 20 காசு கூடியது. 4 காசு என்ற ஆறுதல் இவர்களுக்கு இருக்கவில்லை.

இனி, செலவைக் குறைக்க வழி உண்டா? பேருந்தில் ஏறி ரயிலுக்கு மாறுபவர்கள் பயப்பட வேண்டாம். 45 நிமிடத்துக்குள் மாறினால் இரண்டும் சேர்ந்து ஒரே பயணம், ஏற்றம் ஒரு முறைதான். நடுவில் இறங்கி, பிள்ளையை விட்டு, கடையில் சுற்றி, நேரம் தாண்டிவிட்டால் புதிய பயணமாகிவிடும். அப்போது ஏற்றம் இரண்டு முறை.

சீக்கிரம் எழுபவர்களுக்குத்தான் உண்மையான லாபம். வார நாட்களில் காலை 7.45 மணிக்கு முன்பு எம்ஆர்டி அல்லது எல்ஆர்டி நிலையத்தில் அட்டையைத் தட்டி நுழைந்தால் கட்டணத்தில் 50 காசு வரை குறையும். பொது விடுமுறை நாட்களுக்கு இது இல்லை. கோவன் பயணிக்கு அப்போதைய $1.66 என்பது $1.16 ஆனது, தினமும் இப்படிப் போனவருக்கு ஏற்றம் போகக் கையில் மிச்சமும் இருந்தது. ஆனால் எட்டு மணிக்குப் பிள்ளையைப் பாலர் பள்ளியில் விட வேண்டிய அம்மாவுக்கு இந்தச் சலுகை எட்டாக்கனி.

வரம்பில்லாமல் பயணம் செய்ய மாதாந்தரப் பயண அட்டை வாங்குபவர்களுக்கு அந்த முறை விலை ஏறவில்லை. நாளுக்கு இரண்டே பயணம் செய்பவருக்கு அது கட்டுப்படியாகாது. ஒரே நாளில் பல இடங்களுக்கு அலைபவர்கள் மட்டும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குப் பொதுப் போக்குவரத்துப் பற்றுச்சீட்டும் உண்டு. தகுதி இருக்கிறதா என்று தெரியாவிட்டால் பக்கத்துச் சமூக மன்றத்தில் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எரிபொருள் விலை, சம்பளம், பொருள் விலையெல்லாம் சேர்த்துப் போடும் சூத்திரத்தின்படி 2024இல் ஏற்றியிருக்கக்கூடியது 18.9 விழுக்காடு. இதில் 15.6 விழுக்காடு 2023இல் தள்ளிவைத்தது. 6 விழுக்காடு போக மீதி 12.9 மறுபடியும் தள்ளிவைக்கப்பட்டது. அந்த இடைவெளியை ஈடுகட்ட அரசாங்கம் கூடுதலாக $250 மில்லியன் மானியம் தந்தது. தள்ளிவைத்த 12.9 அடுத்த கட்டண மறுஆய்வுக்குக் கொண்டுபோகப்பட்டது.