விற்ற பொருள் திரும்பி வந்தால்: கவுன்டர், கிடங்கு, கணக்குப் பிரிவுகளுக்கான நடைமுறை

முதல் வேலை, மூல பில்லைக் கண்டெடுப்பது. வாடிக்கையாளர் அதைத் தொலைத்திருந்தால் தொலைபேசி எண்ணை வைத்து நம் பதிவில் தேடுங்கள்; அவரை அலைக்கழிக்க வேண்டாம். பொருளின் வரிசை எண் பில்லோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, ரசீது கொடுத்து, பொருளைத் 'திருப்பம்' அலமாரியில் வையுங்கள். விற்பனை அலமாரிக்கு நேராகப் போகக் கூடாது.

கிடங்குப் பொறுப்பாளர் மறுநாளுக்குள் பிரித்துப் பார்ப்பார். புதிதாகவே விற்கக்கூடியது பழைய அடக்கவிலையிலேயே இருப்பில் சேரும். பழுது பார்க்க வேண்டியது தனி இருப்பு. உடைந்தது நட்டக் கணக்குக்குப் போகும். அதை வாங்கியபோது நாம் கழித்துக்கொண்ட உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டுமா என்பதைக் கணக்குப் பிரிவு முடிவு செய்யும். நம் பக்கத் தவறால் உடைந்த பொருளுக்கு வாடிக்கையாளருக்குச் சேர வேண்டியதில் ஒரு காசும் குறையாது.

சோதனை முடிந்ததும் கிரெடிட் நோட். பழைய பில்லைத் திருத்துவதோ அழிப்பதோ அறவே கூடாது. அந்த மாத வரிக்கணக்கு ஏற்கெனவே போய்விட்டிருக்கும். கிரெடிட் நோட்டுக்குத் தனித் தொடர் எண் உண்டு. மூல பில்லின் எண், தேதி, திருப்பத்தின் காரணம், வரி விகிதம் ஆகியவை அதில் இருந்தே ஆக வேண்டும். வரியின் குறைவு கிரெடிட் நோட் போட்ட மாதத்துக் கணக்கில் வரும்.

நாம் அதிகம் தடுக்கி விழும் இடம் தொகைதான். 500 வீதம் நான்கு மேசை விளக்குகள் விற்றோம். மொத்தத்தில் 10% தள்ளுபடி. வரிக்குரிய மதிப்பு 1,800, வரி 12% வீதம் 216, பில் தொகை 2,016. ஒரு விளக்கு திரும்பி வருகிறது. தர வேண்டியது 560 அல்ல, 504. தள்ளுபடியில் அந்த விளக்கின் பங்கு போக மதிப்பு 450, வரி 54. இடையில் விகிதம் 15% ஆகியிருந்தாலும் விற்ற நாளின் 12%தான். அன்று வாங்காத வரியை இன்று எப்படித் திருப்பித் தர முடியும்?

பதிவு இப்படி: விற்பனைத் திருப்பம் 450 பற்று, செலுத்த வேண்டிய வரி 54 பற்று, வாடிக்கையாளர் 504 வரவு. விளக்கின் அடக்கவிலை 300 என்றால் சரக்கிருப்பு 300 பற்று, விற்ற சரக்கின் அடக்கவிலை 300 வரவு. விலையை மட்டும் குறைத்துக் கொடுக்கும்போது இந்த இரண்டாவது பதிவு வராது, சரக்கு அசையவில்லையே.

பணம் வந்த வழியிலேயே திரும்ப வேண்டும். அட்டையில் செலுத்தியவருக்கு ரொக்கம் தருவது மோசடிக்குக் கதவு திறப்பதாகும். வாங்கியவர் வரிப்பதிவுள்ள வணிகர் என்றால், கிரெடிட் நோட்டை அன்றே அனுப்புங்கள். அவரும் தம் உள்ளீட்டு வரியைக் குறைத்தாக வேண்டும். சட்டம் தரும் காலக்கெடு கடந்த திருப்பத்துக்கு, வரியைக் குறைக்கும் முன் கணக்கு மேலாளரின் ஒப்புதல் பெறுங்கள்.

மாதக் கடைசியில் கிரெடிட் நோட்டுகளின் வரிக் கூட்டலும் வரிக் கணக்கின் பற்றும் ஒத்துப்போக வேண்டும். கிரெடிட் நோட் இல்லாமல் திருப்ப அலமாரியில் கிடக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் கிடங்குப் பொறுப்பாளர் எழுத்தில் காரணம் தருவார்.