அரை மணித்தியாலத்தில் இறால் முருங்கைக்காய்க் கறி

வேலை முடிந்து வந்து இரவுச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டுபவர்களுக்கான கறி இது. நாலு பேருக்கு அரைக் கிலோ இறால், இரண்டு முருங்கைக்காய் போதும். பிட்டுக்கும் சோற்றுக்கும் பொருந்தும்.

மட்டக்களப்பு வாவி இறால் கிடைத்தால் அதையே வாங்குங்கள். நடுத்தர அளவு நல்லது. தலை உடம்போடு இறுக்கமாக இருக்க வேண்டும், கழன்று தொங்கினால் வேண்டாம். நேரம் தின்பது உடைத்துக் கழுவுகிற வேலைதான். முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை எடுத்து, முதல்நாளே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டால் மறுநாள் சமையல் மட்டும்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரம் வேண்டாம்: இரண்டையும் ஒன்றாகச் சட்டியில் போடாதீர்கள். முருங்கைக்காய் வேகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேண்டும், இறாலுக்கு நாலைந்து நிமிடம் போதும். கூட விட்டால் இறால் இறப்பர் மாதிரி ஆகிவிடும், அப்புறம் எந்தத் தூளும் காப்பாற்றாது. ஆகவே இரண்டாம் பாலில் காயை அவித்து, அது மெத்தென்று வந்ததும் இறாலையும் பழப்புளியையும் சேருங்கள். முதற்பால் கடைசியில், அடுப்பைக் குறைத்து. கொதிக்கவிட்டால் பால் திரைந்துவிடும்.

தேங்காய் திருவ நேரமில்லையா? தேங்காய்ப்பால் மாவு பரவாயில்லை, ஆனால் திருவிய பாலின் ருசி அதில் வராது. கறித்தூள் வீட்டில் வறுத்து இடித்ததாக இருந்தால் வேறு வாசனைச் சரக்கு தேவையில்லை. ரம்பை, கறிவேப்பிலை இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.