ஒரே உயரம்

ஏழாம் கிளாஸ் குரூப் போட்டோ எடுக்கிற அன்னைக்கு காலைல மூணாவது பீரியட்லயே எங்கள கிரவுண்டுக்கு கூட்டிட்டு போயிட்டாங்க. மொத்தம் 38 பேர். முன்னாடி தரைல 12 பேர் உக்காரணும், அவங்களுக்குப் பின்னாடி டீச்சர்ஸ் சேர்ல, சேருக்குப் பின்னாடி 13 பேர் நிக்கணும், அதுக்கும் பின்னாடி பெஞ்சு போட்டு அது மேல 13 பேர். பெஞ்சு மேல நிக்கிறதுதான் எல்லாருக்கும் வேணும். போன வருஷம் நான் தரைல உக்காந்தேன், அதுக்கு முந்தின வருஷமும் தரைதான், இந்த லீவுல நல்லா வளந்திருக்கேன்னு அம்மா சொல்லிட்டே இருந்தாங்க, அதனால பெஞ்சு எனக்குத்தான்னு முந்தின நாளே முடிவு பண்ணி வெச்சிருந்தேன்.

பி.டி. சார் அட்டெண்டன்ஸ் நோட்ட கைல வெச்சுக்கிட்டு நம்பர் வாரியா கூப்பிட்டாரு. கூப்பிட்டவங்க லைன்ல குள்ளமானவங்க நிக்கிற முனைல போய் நிக்கணும், முன்னாடி நிக்கிறவன் தன்னவிட குள்ளமா இருந்தா அவன தாண்டி போகணும், அடுத்தவனும் குள்ளம்னா அவனையும் தாண்டணும், தாண்ட முடியாத ஆள் வந்ததும் அங்கயே நின்னுக்கணும். நான் 2ஆம் நம்பர், அகிலா, சீக்கிரமே நின்னுட்டேன். அதுக்கப்புறம் ஒவ்வொருத்தரா வந்து என்ன தாண்டினாங்க இல்லன்னா எனக்குக் கீழ நின்னாங்க, தாண்டிப் போறவங்கள நான் எண்ணிட்டே இருந்தேன், 10, 11, 12. பன்னெண்டோட நின்னா பெஞ்சுல பதிமூணாவது ஆள் நான்தான்.

மும்தாஜ் 21ஆம் நம்பர். வந்து என் முதுகோட முதுகு ஒட்டி நின்னா, சார் ரெண்டு பேர் தலை மேலயும் உள்ளங்கைய வெச்சுப் பாத்து "சமம்"னாரு. சமம்னா தாண்ட முடியாதே, அவ எனக்குக் கீழ நின்னுட்டா.

கடைசியா யமுனா, 38ஆம் நம்பர். மும்தாஜோட ஒட்டி நின்னா, சார் கைய வெச்சாரு, அதுவும் சமம். சரின்னு அவ மும்தாஜுக்குக் கீழ போய் நின்னுட்டா, லைன் முடிஞ்சுது, பெஞ்சு எனக்கு.

அப்பதான் செந்தில் கத்தினான். "சார், அகிலாவும் யமுனாவும் ஒட்டி நிக்கட்டும் சார்!"

நின்னோம். யமுனா என்னவிட ஒரு விரல் அகலத்துக்கு உயரமா இருந்தா. எல்லாருக்குமே தெரிஞ்சுது.

அவ்வளவுதான், லைன் கலைஞ்சு போச்சு. அகிலாவும் மும்தாஜும் சமம், மும்தாஜும் யமுனாவும் சமம், அப்ப அகிலாவும் யமுனாவும் எப்படிடா சமமா இல்லாம போகும்னு ஒரு கூட்டம், சார் கைய சாய்ச்சு வெச்சிருப்பாருன்னு ஒரு கூட்டம். ராகவன் ஒண்ணு சொன்னான் பாருங்க, அத நான் இன்னும் மறக்கல. "கைய வெச்சுப் பாத்து சமம்னு சொன்னா பக்கத்து பக்கத்துல நிக்கிற எல்லாருமே சமம்தான் சார், கொஞ்சம் கொஞ்சம்னு விட்டுட்டே போனா கடைசில குட்டி பாபுவும் நானும் சமம்னு ஆயிரும்." ராகவன் கிளாஸ்லயே நெட்டை, பாபு அவன் மார்பு வரைக்கும்தான் வருவான். ஒரு செகண்ட் எல்லாரும் வாய மூடிட்டு ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தோம்.

இதுக்குள்ள எங்க கிளாஸ் மிஸ் வந்துட்டாங்க, கணக்கு மிஸ். விஷயத்தக் கேட்டுட்டு முதல்ல எங்க கால குனிஞ்சு பாத்தாங்க. "மூணு பேரும் ஷூவ கழட்டுங்க"ன்னாங்க.

கழட்டி வரிசையா வெச்சோம். என் ஷூ அக்காவோட பழசு, குதிகால் தேஞ்சு ஒரு பக்கம் சரிஞ்சே போயிருந்துச்சு. மும்தாஜோடது போன வருஷம் வாங்கினது. யமுனாவோடது புத்தம் புதுசு, அடிப்பாகம் தடியா, கோடு கோடா இருக்கிற டிசைன் கூட அழியாம. பக்கத்து பக்கத்துல வெச்சுப் பாத்தா மூணு ஷூவும் மூணு படி மாதிரி இருந்துச்சு. பக்கத்துப் படிங்களுக்கு நடுவுல இருந்த வித்தியாசம் கைக்குத் தெரியல, ரெண்டு வித்தியாசமும் சேந்ததும் கண்ணுக்குத் தெரிஞ்சிருச்சு. எனக்கு அப்பவே மனசு லேசாச்சு, ஏன்னா ஷூ இல்லாம அளந்தா யமுனா என்னவிட உயரம் இல்ல.

ஸ்டேஜ் பக்கத்து சுவத்துல வெறுங்காலோட ஒவ்வொருத்தரா நின்னோம். மிஸ் எங்க பின்னந்தலைய சுவத்தோட ஒட்டவெச்சு, நேரா பாருன்னு சொல்லிட்டு, ஜியாமெட்ரி பாக்ஸ ஒரு பக்கம் சுவத்துலயும் ஒரு பக்கம் தலை மேலயும் படுற மாதிரி வெச்சு முடிய அமுக்கி, அடில சாக்பீஸால கோடு போட்டாங்க. கைய சாய்ச்சு வெச்சா அளவு சாயும், பாக்ஸ் சுவத்தோட ஒட்டி இருந்தா சாயாதுன்னாங்க. முதல்ல என் கோடு, அடுத்தது மும்தாஜ் கோடு, அது என் கோட்டு மேலயே விழுந்துச்சு, யமுனா கோடும் அதே எடத்துல. மூணு பேரும் நின்னு முடிச்சப்ப சுவத்துல இருந்தது ஒரே ஒரு தடி கோடுதான். மீட்டர் ஸ்கேல வெச்சு அளந்தா 143 சென்டிமீட்டர்.

செந்தில் மூக்கு சுவத்துல இடிக்கிற மாதிரி போய் பாத்து "இந்தக் கோடு கீழ கொஞ்சம் தள்ளி இருக்கு மிஸ்"னான். மிஸ் பொறுமையா சொன்னாங்க, "சாக்பீஸ் கோடே எவ்வளவு தடிப்பு இருக்கு பாரு, கோட்டோட தடிப்ப விட சின்ன வித்தியாசத்த அந்தக் கோட்ட வெச்சே எப்படிப்பா சொல்லுவ. இவங்க மூணு பேரும் சமம், இனி இதுல பேச்சு இல்ல."

சமம்னு ஆனதுக்கு அப்புறம்தான் நிஜமான சண்டையே. மூணு பேரும் சமம், பெஞ்சுல எடம் ஒண்ணு.

நான் சொன்னேன், நான் 2ஆம் நம்பர், முதல்ல வந்து நின்னது நான், சமம்னா தாண்டக்கூடாதுன்னு சார்தான் சொன்னாரு, அவங்க என்ன தாண்டல, அதனால எடம் என்னோடது. இதுல என்ன தப்புன்னு எனக்கு நெஜமாவே புரியல. நெறைய பேரு எனக்குத்தான் சப்போர்ட், பி.டி. சாரும் தலைய ஆட்டினாரு, போட்டோகாரர் வேற வெயில் முகத்துல நேரா அடிக்க ஆரம்பிச்சிரும் சார், சீக்கிரம்னு ஸ்டாண்ட தூக்கித் தூக்கி எடம் மாத்திட்டு இருந்தாரு.

யமுனா ரொம்ப பேசமாட்டா. அன்னைக்கு ஷூவ ஒரு கைல புடிச்சுக்கிட்டு சுவத்தப் பாத்துக்கிட்டே பேசினா.

"பேப்பர் திருத்திக் குடுக்கும்போது நான் கடைசி. லேப்ல மைக்ரோஸ்கோப் என் கைக்கு வரும்போது பெல் அடிச்சிரும். என் பேரு ஒய்ல ஆரம்பிக்குது, அதனால எதுலயுமே நான் கடைசி, அது பரவால்ல மிஸ். ஆனா இது உயரம். இதுல நான் கடைசி இல்ல, சமம். சமம்னு நீங்களே கோடு போட்டுட்டீங்க. அப்பவும் ஏன் மிஸ் நான் கடைசி?"

யாரும் பேசல. எனக்குக் கோவம்தான் வந்துச்சு, மைக்ரோஸ்கோப்புக்கும் என் பெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்னு. ஆனா பதில் வரல. ஒவ்வொரு தடவையும் ரெண்டாவதா மைக்ரோஸ்கோப்புல கண்ண வெச்சது நான்தான், நல்லா நேரம் எடுத்துப் பாத்துட்டுத்தான் தள்ளுவேன்.

மும்தாஜ்தான் அப்ப சொன்னா. "மிஸ், சார் ஒண்ணுல இருந்து கூப்பிட்டதாலதான அகிலா முன்னாடி நின்னா? 38ல இருந்து கூப்பிட்டிருந்தா யமுனாதான முதல்ல வந்திருப்பா, அகிலாவால அவள தாண்ட முடியாது. உயரத்துல எதுவும் மாறல, கூப்பிட்ட வரிசைதான் மாறுது. எப்பவும் ஒண்ணுல இருந்தே கூப்பிடுறோம், இன்னைக்கு ஒரு நாள் கடைசில இருந்து கூப்பிடலாமே."

"உனக்கென்னடி, நீ ஈஸியா சொல்லுவ"ன்னு நான் அவ மேல பாஞ்சேன்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்"னா அவ. "எந்தப் பக்கம் இருந்து கூப்பிட்டாலும் நான் நடுவுலதான். எனக்கு பெஞ்சு கிடையாது."

அத அவ சொன்ன விதம் எனக்கு என்னவோ பண்ணுச்சு. மும்தாஜுக்கும் பெஞ்சு ஆசை இருந்திருக்கும்ல, நாங்க ரெண்டு பேரு அடிச்சுக்கிட்டதுல அவகிட்ட யாரும் கேக்கவே இல்ல.

மிஸ் பி.டி. சாரப் பாத்தாங்க, சார் வாட்சப் பாத்தாரு. "38 பேரையும் மறுபடி கூப்பிட நேரம் இல்ல மேடம்." அதுக்கு மிஸ், "எல்லாரையும் கூப்பிட வேண்டாம் சார், உயரம் வேறவேறயா இருக்கிறவங்க எங்க இருந்து கூப்பிட்டாலும் அதே எடத்துலதான் வந்து நிப்பாங்க, சமமா இருக்கிறவங்க மட்டும் அவங்களுக்குள்ள திரும்பி நின்னா போதும்"னாங்க. உடனே செந்தில், அப்படின்னா லைன்ல இருக்கிற எல்லா சமத்துக்கும் அதே ரூல்தான், இவங்களுக்கு மட்டும் மாத்தினா அது போங்குன்னான். அது நியாயம்தான். சமம்னு ஏற்கனவே ஒத்துக்கிட்டவங்க வேற நாலு எடத்துல இருந்தாங்க, மூணு எடத்துல ரெண்டு ரெண்டு பேரு, ஒரு எடத்துல மூணு பேரு. எல்லாரும் முன்ன பின்ன மாறினாங்க. 38 பேர்ல எங்களையும் சேத்து 10 பேரு மட்டும்தான் நகந்தோம். மத்த 28 பேரும் நின்ன எடத்துலயே நின்னு வேடிக்கை பாத்தாங்க, மும்தாஜும் நகராம நின்னா.

நான் பதினஞ்சாவது எடத்துக்கு வந்தேன். யமுனா என்னக் கடந்து போகும்போது சாரின்னு சொல்லுவான்னு நெனச்சேன், அவ சொல்லல. அவ ஏன் சொல்லணும். ஆனா பெஞ்சு மேல ஏறுறதுக்கு முன்னாடி அந்தப் புது ஷூவ மாட்ட லேஸ் கட்டினப்ப அவ கை நடுங்கிட்டே இருந்துச்சு, முடிச்சு ரெண்டு தடவ அவுந்து போச்சு. எனக்குத் தொண்டை அடைச்சிருந்துச்சு, அழுதா போட்டோல தெரியும்னு பல்ல கடிச்சுட்டு நின்னேன். கண்ண மூடாதீங்கன்னு போட்டோகாரர் சொன்னாரு, மூணு தடவ எடுத்தாரு, பெல் அடிச்சிருச்சு.

பிரிண்ட் ரெண்டு வாரம் கழிச்சு வந்துச்சு. அட்டெண்டன்ஸ் நம்பர் வாரியாத்தான் குடுத்தாங்க, எனக்கு ரெண்டாவதா கெடச்சுது, யமுனாவுக்குக் கடைசியா. நான் என்னோடத வெச்சுக்கிட்டு அவ பெஞ்சுகிட்ட போய் உக்காந்தேன், ஏன்னு தெரியல, அவ பாக்கிறத பாக்கணும்னு இருந்துச்சு. போட்டோல அவ மேல் வரிசைல இடது ஓரத்துல நிக்கிறா, மோவாய தூக்கிட்டு. அத அவ ரொம்ப நேரம் பாக்கல, உடனே கீழ பேர் போட்டிருக்கிற எடத்துக்குப் போயிட்டா. ஆள்காட்டி விரல கடைசி வரி கடைசி பேர்ல வெச்சா. அது அவ பேரு இல்ல. விரல் பின்னாடியே நகந்து வந்துச்சு, உக்காந்திருந்தவங்க வரி முழுசும், நடு வரிசைல என் பேரு, மும்தாஜ் பேரு, மேல் வரிசை, ராகவன தாண்டி இன்னும் பின்னாடி.

"என் பேர விட்டுட்டாங்களாடி?"ன்னு என்னப் பாத்தா.

நான் அவ விரலப் புடிச்சு மேல கொண்டு போய் வெச்சேன். மேல் வரிசை, இடமிருந்து வலம்னு போட்டு, பக்கத்துலயே முதல் பேரு, யமுனா.